31 கேள்விகள், ஐந்து மாணவர்கள்: சக ஆசிரியரின் கணித வகுப்பை உற்றுநோக்கிய ஒரு நிகழ்வு ஆய்வு

## பின்னணி

தமிழ்நாட்டின் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில், ஆறாம் வகுப்புக் கணிதப் பாடவேளை ஒன்றை அதே பள்ளியின் அறிவியல் ஆசிரியை உற்றுநோக்கிப் பின்னூட்டம் அளித்ததைப் பற்றியது இக்குறிப்பு. அப்பள்ளி அமைந்த வட்டாரத்தில் ஆசிரியர் பயிற்றுநராக இருந்த நான், படிவம் தயாரிக்கும்போதும் வகுப்புக்கு முன்னும் பின்னும் நடந்த பேச்சுகளின்போதும் உடனிருந்தேன், வகுப்பறைக்குள் செல்லவில்லை. வகுப்பில் நடந்ததாக இங்கே எழுதியிருப்பது முழுவதும் படிவத்தில் பதிவானதும் அவ்விருவர் சொன்னதுமே.

கணித ஆசிரியர் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றியவர். பாடக்குறிப்பை ஒழுங்காக எழுதுவார், கரும்பலகையில் கையெழுத்து அச்சுப்போல் இருக்கும், வகுப்பில் சத்தம் எழாது. ஆனாலும் ஒவ்வொரு தேர்விலும் வகுப்பில் பாதிப் பேர் பின்னங்கள் பகுதியை விட்டுவிடுகிறார்கள் அல்லது தவறாகச் செய்கிறார்கள் என்பது அவருக்கே புதிராக இருந்தது. "கிளாஸ்ல எல்லாரும் பதில் சொல்றாங்க, பேப்பர்ல மட்டும் காணோம்" என்று ஆசிரியர் அறையில் அவர் சொன்னதுதான் இதற்குத் தொடக்கம்.

நம் பள்ளிகளில் ஒருவர் வகுப்பில் இன்னொருவர் பின்னால் வந்து அமர்ந்தால் அது ஆய்வு என்றே பொருள்படும். ஆண்டாய்வுக்கு வரும் அலுவலரும் மாதம் ஒருமுறை எட்டிப்பார்க்கும் தலைமையாசிரியரும் தவிர வேறு யாரும் பெரும்பாலான ஆசிரியர்களின் வகுப்பைப் பார்த்ததே இல்லை. எனவே உற்றுநோக்குபவர் பதவியில் மூத்தவராக இருக்கக்கூடாது, அதே பாடத்தில் போட்டியாகப் பார்க்கப்படுபவராகவும் இருக்கக்கூடாது என்று இருவரும் கருதியதால் அறிவியல் ஆசிரியை ஒப்புக்கொண்டார்.

## படிவம் உருவான விதம்

பள்ளியில் ஏற்கெனவே ஒரு சரிபார்ப்புப் பட்டியல் இருந்தது. ஆயத்தப்படுத்துதல், துணைக்கருவிப் பயன்பாடு, குரல் ஏற்ற இறக்கம், மாணவர் பங்கேற்பு, வகுப்பறை மேலாண்மை என இருபதுக்கும் மேற்பட்ட வரிகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே 'மிக நன்று', 'நன்று', 'முன்னேற்றம் தேவை' என மூன்று கட்டங்கள். பழைய கோப்பில் நிரப்பப்பட்டிருந்த படிவங்களைப் புரட்டியபோது ஏறத்தாழ எல்லாக் கட்டங்களிலும் 'நன்று' என்பதில்தான் குறி இருந்தது. நாளை முகம் பார்த்துப் பழக வேண்டிய ஒருவருக்கு 'முன்னேற்றம் தேவை' என்று குறி போட யாருக்கும் மனம் வராது. போட்டாலும் எதை முன்னேற்றுவது என்பது அந்தக் குறியிலிருந்து தெரியாது. 'மாணவர் பங்கேற்பு: நன்று' என்பது உற்றுநோக்கியவரின் கருத்து. நடந்தது என்ன என்பதற்கு அதில் இடமே இல்லை.

நெட் ஃபிளாண்டர்ஸ் வகுத்த வகுப்பறை இடைவினைப் பகுப்பாய்வைப் பயன்படுத்தலாமா என்றும் பேசினோம். பி.எட். படித்தவர்களுக்கு அது பழக்கமான பெயர்: ஆசிரியர் பேச்சுக்கு ஏழு, மாணவர் பேச்சுக்கு இரண்டு, அமைதி அல்லது குழப்பத்துக்கு ஒன்று எனப் பத்து வகைகள், மூன்று நொடிக்கு ஒருமுறை அந்த நேரத்தில் நடப்பது எந்த வகை என்று எண்ணால் குறிக்க வேண்டும். அதற்குத் தனிப் பயிற்சி வேண்டும் என்பதைவிடப் பெரிய தடை ஒன்று இருந்தது. முப்பத்தெட்டுப் பேரும் சேர்ந்து "ஆறு சார்!" என்று கத்தினாலும், ஒரே ஒரு மாணவி யோசித்து ஒரு வாக்கியம் சொன்னாலும், ஆசிரியரின் கேள்விக்கு மாணவர் தரும் பதில் என்ற ஒரே வகையில்தான் இரண்டும் விழும். இந்த வகுப்பின் சிக்கலோ அந்த இரண்டுக்கும் இடையில்தான் இருக்கக்கூடும் என்று ஊகித்தோம்.

எனவே பட்டியலை நான்கு உருப்படிகளாகக் குறைத்தோம். முதலாவது, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஆசிரியர் என்ன செய்கிறார், மாணவர்கள் என்ன செய்கிறார்கள் என்று ஒரு வரி. இரண்டாவது, வகுப்பின் இருக்கை வரைபடம். யாரிடம் தனியாகக் கேள்வி கேட்கப்பட்டதோ அந்த இடத்தில் ஒரு கோடு, எல்லோரும் சேர்ந்து சொன்ன பதிலுக்கு ஓரத்தில் ஒரு கோடு. மூன்றாவது, கேள்விகளைக் கேட்டபடியே எழுதி, பதிலுக்காக ஆசிரியர் காத்திருந்த நேரத்தைப் பக்கத்தில் குறிப்பது. கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு அரை நொடியெல்லாம் அளக்க முடியாது என்பதால் ஒரு நொடிக்குள், ஒன்று முதல் மூன்று வரை, மூன்றுக்கு மேல் என மூன்றே பிரிவுகள் வைத்தோம். காத்திருப்பு நேரத்தைச் சேர்த்ததற்குக் காரணம் உண்டு. மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் வகுப்பறை ஒலிப்பதிவுகளைக் கேட்டு, ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு நொடி அளவே காத்திருக்கிறார்கள் என்றும், அதை மூன்று நொடிக்கு மேல் நீட்டினால் பதில்கள் நீள்கின்றன, பதில் சொல்லாமல் போவோர் குறைகிறார்கள் என்றும் கண்டறிந்திருந்தார்.

நான்காவது உருப்படிதான் பின்னால் அதிகம் உதவியது. முன்வரிசை, நடுவரிசை, பின்வரிசை ஆகியவற்றிலிருந்து இரண்டிரண்டு பேராக ஆறு மாணவரை முன்கூட்டியே தேர்ந்துகொண்டு, வகுப்பில் கொடுக்கப்படும் ஒரே கணக்குக்கு அவர்கள் நோட்டில் எழுதியதை அப்படியே படியெடுப்பது. படிவத்தின் கீழ்ப்பாதி காலியாக விடப்பட்டது. 'இதன் பொருள் என்ன' என்ற தலைப்பு மட்டும் அங்கே இருந்தது. இருவரும் பேசிய பிறகே அதை நிரப்ப வேண்டும் என்பது ஏற்பாடு.

## வகுப்புக்கு முந்தைய பேச்சு

முதல் நாள் மாலை பதினைந்து நிமிடம் பேசினார்கள். எதைப் பார்க்க வேண்டும் என்று கணித ஆசிரியரையே கேட்டார் ஆசிரியை. "கடைசி பெஞ்சுப் பசங்க கவனிக்கிறாங்களா இல்லையான்னு பாருங்க டீச்சர்" என்றார் அவர். ஒருவர் கவனிக்கிறாரா என்பதை வெளியிலிருந்து எப்படிக் கண்டுகொள்வது என்று ஆசிரியை திருப்பிக் கேட்டதில், பேச்சு மெல்ல 'அவர்களிடம் கேள்வி போகிறதா, அவர்கள் நோட்டில் என்ன எழுதுகிறார்கள்' என்பதற்கு வந்து சேர்ந்தது. பார்க்கக்கூடியதாக மாற்றிக்கொண்ட இந்த ஒரு கேள்வி இல்லாவிட்டால் மறுநாள் படிவத்தில் 'பின்வரிசையில் கவனக்குறைவு' என்ற வரிதான் விழுந்திருக்கும்.

வேறு சில உடன்பாடுகளும் அப்போதே ஏற்பட்டன. படிவம் கணித ஆசிரியருக்கே சொந்தம், அது தலைமையாசிரியரிடம் போகாது. ஆசிரியை பின்னால் அமராமல், பிள்ளைகளின் முகமும் மேசையும் தெரியும்படி பக்கச் சுவரோரம் நடுவில் அமர்வார். மாணவர் தவறாக எழுதுவதைப் பார்த்தாலும் திருத்த மாட்டார், ஏன் வந்திருக்கிறார் என்பதை மட்டும் கணித ஆசிரியர் வகுப்புக்கு ஒரு வரியில் சொல்லிவிடுவார்.

## வகுப்பில் பதிவானவை

பாடம் வேற்றினப் பின்னங்களைக் கூட்டுதல். பாடவேளை 40 நிமிடம். ஓரினப் பின்னங்களின் கூட்டலை ஆறு நிமிடத்தில் நினைவூட்டிவிட்டு, 1/2 + 1/3 என்ற கணக்கைக் கரும்பலகையில் எழுதி, பகுதிகளின் மீ.சி.ம. கண்டு, இரண்டையும் ஆறின் கீழ் கொண்டுவந்து 5/6 என்று முடித்தார். அடுத்து இதே முறையில் இன்னும் இரண்டு கணக்குகள். பிறகு மாணவர்கள் தாமாகச் செய்ய 1/4 + 2/3. விளக்கம் தெளிவாகவும் பிழையில்லாமலும் இருந்ததாக ஆசிரியை தனியே எழுதியிருந்தார்.

மொத்தம் 31 கேள்விகள் பதிவாகியிருந்தன. அவற்றில் 19 கேள்விகள் எல்லோரும் சேர்ந்து பதில் சொன்னவை. படிவத்திலிருந்து ஒரு துண்டு:

"இரண்டுக்கும் மூணுக்கும் மீ.சி.ம. எவ்வளவு? ஆ…" ("ஆறு!")
"அப்ப கீழ என்ன வரும்? ஆ…" ("ஆறு!")
"புரிஞ்சுதா?" ("புரிஞ்சுது சார்!")

முதல் எழுத்தை ஆசிரியரே எடுத்துக்கொடுக்க, மீதியை வகுப்பு முடித்துவைக்கிறது. நான்கு கேள்விகளுக்கு ஆசிரியரே விடை சொல்லிவிட்டார். தனி மாணவரிடம் கேட்கப்பட்டவை எட்டு. அந்த எட்டும் வரைபடத்தில் ஐந்தே இடங்களில் கோடுகளாக விழுந்திருந்தன, நான்கு இடங்கள் முதல் இரண்டு வரிசையில். காத்திருப்பு நேரம் குறிக்கப்பட்ட கேள்விகளில் ஏறத்தாழ எல்லாமே ஒரு நொடிக்குள் என்ற பிரிவில் இருந்தன.

ஆறு நோட்டுகளில் இரண்டில் மட்டும் 11/12 என்ற சரியான விடை. மூன்றில் 3/7 என்று இருந்தது, மேலே உள்ளதை மேலேயும் கீழே உள்ளதைக் கீழேயும் கூட்டியதால் வந்த விடை. ஒரு நோட்டில் 3/12. அந்த மாணவன் நான்குக்கும் மூன்றுக்கும் மீ.சி.ம. 12 என்று சரியாகவே கண்டுபிடித்திருந்தான். பகுதியை மாற்றும்போது தொகுதியையும் அதே மடங்கு பெருக்க வேண்டும் என்பதை விட்டுவிட்டு 1/12 + 2/12 என்று எழுதியிருந்தான். இந்த ஆறு பேரும் கரும்பலகையில் இருந்த முந்தைய மூன்று கணக்குகளையும் பிழையின்றிப் படியெடுத்திருந்தார்கள். அவர்கள் எழுதிக்கொண்டிருந்தபோது ஆசிரியர் முதல் இரண்டு வரிசை நோட்டுகளைப் பார்த்துத் திருத்திவிட்டுக் கரும்பலகைக்குத் திரும்பியிருக்கிறார், மணி அடித்துவிட்டது.

## பின்னூட்டப் பேச்சு

வகுப்பு முடிந்து தாழ்வாரத்தில் இறங்கியதுமே "எப்படி டீச்சர் இருந்துச்சு?" என்று கேட்டார் கணித ஆசிரியர். "நல்லா இருந்துச்சு சார்" என்று சொல்லியிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். வேறு ஏதாவது சொல்லியிருந்தால் அடுத்த பாடவேளைக்குள் அவர் மனம் ஒடிந்திருக்கும். ஆசிரியை இரண்டையும் தவிர்த்து, "சாயங்காலம் உட்கார்ந்து பேசலாம் சார். நான் எழுதினது இது, நீங்களே வச்சுக்குங்க" என்று படிவத்தை அவர் கையில் கொடுத்துவிட்டார். யாரும் எதிரில் இல்லாமல் அந்தத் தாள்களை அவர் மூன்று மணி நேரம் வைத்திருந்ததுதான் இந்த நிகழ்வின் திருப்பம் என்பது என் கருத்து. மாலையில் வரும்போது படிவத்தின் ஓரங்களில் அவருடைய பென்சில் குறிப்புகள் இருந்தன.

முதலில் அவர் தற்காத்துப் பேசினார், அதில் நியாயமும் இருந்தது. "சேர்ந்து சொல்ல வச்சாத்தான் டீச்சர் பசங்க முழிச்சிருப்பாங்க. மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் வர்ற பீரியட் வேற." ஆசிரியை அதை மறுக்கவில்லை. வாய்ப்பாடு, விதிகள் போன்றவற்றை நினைவில் நிறுத்தச் சேர்ந்து சொல்வது உதவும் என்று ஒப்புக்கொண்டுவிட்டு, நோட்டுகளைப் படியெடுத்த பக்கத்தைத் திருப்பினார். "இந்த ஆறு பேரும் 'புரிஞ்சுது சார்'னு சொன்னதை நான் பார்த்தேன் சார். அதுக்கு அப்புறம் எழுதினது இது" என்று மட்டும் சொன்னார்.

ஆசிரியை வாக்கியங்களை அமைத்த விதத்தைக் குறிப்பிட வேண்டும். 'நீங்கள் பின்வரிசையைக் கவனிப்பதில்லை' என்று அவர் எங்கும் சொல்லவில்லை. 'தனியாகக் கேட்டது எட்டு, போனது இந்த ஐந்து பேரிடம்' என்று வரைபடத்தின் மேல் விரலை வைத்துச் சொன்னார். முதல் வாக்கியம் ஆசிரியரின் இயல்பைப் பற்றியது என்பதால் அதை மறுக்க ஆயிரம் வழி உண்டு. இரண்டாவதை எண்ணிப் பார்க்கலாம். கணித ஆசிரியர் எண்ணியும் பார்த்தார்.

3/7 என்ற விடையில் அவருக்கு வியப்பில்லை, எல்லா ஆண்டும் வருவதுதான் என்றார். 3/12 அவரை நிறுத்தியது. "இவன் மீ.சி.ம. வரைக்கும் வந்துட்டான். தொகுதியை ஏன் மாத்தணும்னு இவனுக்குத் தெரியல. நான் 'கீழ பெருக்கினா மேலயும் பெருக்கணும்'னு சொன்னேனே ஒழிய ஏன்னு சொல்லல" என்றார். அறிவியல் ஆசிரியைக்கு 3/12 இன்னொரு தவறான விடை என்ற அளவில்தான் தெரிந்திருந்தது. இந்தத் தவறு சமான பின்னங்கள் பற்றிய புரிதல் இல்லாததைக் காட்டுகிறது என்பதைப் பாடம் தெரிந்தவரே கண்டார். தொடர்ந்து அவரே இன்னொன்றையும் கவனித்தார். 3/7 என்பது கூட்டிய எண்களில் ஒன்றான 2/3-ஐ விடச் சிறியது; 3/12 என்பதோ 1/4-க்குச் சமம், அதாவது 1/4 உடன் 2/3-ஐக் கூட்டியும் 1/4 ஆகவே நிற்கிறது. கூட்டினால் விடை பெரிதாக வேண்டுமே, ஆகியிருக்கிறதா என்ற ஒரே கேள்வியை மாணவர்கள் தம்மிடம் கேட்டுக்கொண்டால் இரண்டு தவறுமே சிக்கிவிடும்.

## எடுத்த முடிவு

பலவற்றை மாற்ற வேண்டும் என்ற எண்ணம் அப்போது அவருக்கு வந்தது: எல்லோரையும் சுழற்சியில் பெயர் சொல்லி அழைப்பது, குழுவாக உட்காரவைப்பது, காகிதத் துணைக்கருவி செய்வது. ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளும்படி ஆசிரியை கேட்டுக்கொண்டார். மூன்றை ஒரே நேரத்தில் மாற்றினால் அடுத்த முறை நோட்டில் தெரியும் வேறுபாடு எதனால் வந்தது என்று சொல்ல முடியாது என்பது அறிவியல் ஆசிரியைக்கு உரிய காரணம். எல்லாவற்றையும் மாற்ற முயல்பவர் இரண்டாம் வாரம் எதையும் மாற்றாமல் விட்டுவிடுவார் என்பது நான் சேர்த்த காரணம்.

அவர் தேர்ந்தது இது. ஒரு மாதிரிக் கணக்கு முடிந்ததும், யாரும் வாய் திறக்காமல் எல்லோரும் இரண்டு நிமிடம் ஒரு கணக்கை நோட்டில் செய்ய வேண்டும். அவர் கடைசி வரிசையிலிருந்து முன்னோக்கி நடந்து நோட்டுகளைப் பார்ப்பார். சரியான விடை ஒன்றையும் தவறான விடை ஒன்றையும் பெயர் சொல்லாமல் கரும்பலகையில் எழுதி, "இதுல எது சரியா இருக்க முடியாது? ஏன்?" என்று கேட்பார். கேட்டுவிட்டு மனத்துக்குள் மூன்று எண்ணியபின்தான் ஒருவர் பெயரைச் சொல்வார். பெயரை முதலில் சொல்லிவிட்டுக் கேட்டால் மற்ற முப்பத்தேழு பேரும் அந்தக் கேள்வி தமக்கில்லை என்று விட்டுவிடுவார்கள்.

## தொடர்ந்து நடந்தவை

முதல் சில வகுப்புகள் சங்கடமாகத்தான் போயின. இதுவரை தனியாகக் கேட்கப்படாத பிள்ளைகள் எழுந்து நின்று தலையைக் குனிந்துகொண்டார்கள், மூன்று நொடி முப்பது நொடியானது. பக்கத்தில் இருப்பவரிடம் பேசிவிட்டுச் சொல்லலாம் என்று அவர் அனுமதித்த பிறகே சிலர் வாய் திறந்தார்கள். பாடம் திட்டமிட்டதைவிட ஏறத்தாழ ஒரு பாடவேளை பின்தங்கியது. பயிற்சிக் கணக்குகளில் ஒரு பகுதி வீட்டுப்பாடமாகப் போனது.

இரு வாரம் கழித்து, வேற்றினப் பின்னங்களின் கழித்தலின்போது, ஆசிரியை இரண்டாம் முறை அமர்ந்தார். கேள்விகள் 17 ஆகக் குறைந்திருந்தன. சேர்ந்து சொன்ன பதில் ஆறு, தனியாகக் கேட்டவை ஒன்பது, ஒன்பதும் வேறுவேறு பேரிடம். மீதி இரண்டுக்கு அவரே விடை சொல்லிக்கொண்டார். அதே ஆறு நோட்டுகளில் 3/4 − 2/5 என்ற கணக்குக்கு நான்கில் 7/20 என்று சரியாக இருந்தது. ஒருவர் எதுவும் எழுதவில்லை. முன்பு 3/12 எழுதிய மாணவன் இப்போது 1/20 எழுதியிருந்தான்.

அந்த ஒரு விடை, கேள்வி கேட்கும் முறையை மாற்றியதால் எது சரியானது, எது ஆகவில்லை என்பதைப் பிரித்துக் காட்டியது. இப்போது அவன் தவறு மறையாமல் ஆசிரியர் கண்ணில் பட்டது. ஆனால் கண்ணில் பட்டதாலேயே அது தீர்ந்துவிடவில்லை. ஆசிரியர் அவனையும் அதே தவறு செய்த இன்னும் சிலரையும் தனியே அமர்த்தி, ஒரே நீளமான காகிதப் பட்டைகளை நான்காகவும் எட்டாகவும் பன்னிரண்டாகவும் மடிக்கச் செய்து, 1/4 பகுதியின் மேல் 3/12 சரியாகப் பொருந்துவதைக் காட்டினார். ஆறு பேரை வைத்து வகுப்பு முழுவதையும் அளந்துவிட்டதாகச் சொல்ல முடியாது. வெளியாள் ஒருவர் அமர்ந்திருக்கும் நாளில் எந்த ஆசிரியரும் சற்றுக் கவனமாகவே நடத்துவார் என்பதும் உண்டு. அதனால் யாரும் அமராத ஒரு நாளின் நோட்டுகளையும் அவர் தாமே எடுத்து ஒப்பிட்டார், பெரிய வேறுபாடு இல்லை என்றார்.

இடையில் ஒரு நெருக்கடி. மேலதிகாரி வருகைக்குச் சான்றாக இந்தப் படிவத்தைக் கோப்பில் வைக்கலாமே என்று தலைமையாசிரியர் நல்லெண்ணத்துடனே கேட்டார். படிவம் கோப்புக்குப் போனால் அடுத்த ஆசிரியர் யாரும் இதற்கு ஒப்ப மாட்டார் என்று இருவரும் எடுத்துச் சொன்ன பிறகு, நாள், வகுப்பு, பாடத்தலைப்பு, இருவர் கையொப்பம் ஆகியவை மட்டும் ஒரு பதிவேட்டில் எழுதப்பட்டன. அவரும் அதற்குமேல் வற்புறுத்தவில்லை.

## அடுத்த முறை மாற்ற வேண்டியவை

நான்கு உருப்படிகளே ஒருவருக்கு அதிகம். கேள்வியை வார்த்தைக்கு வார்த்தை எழுதிக்கொண்டே வரைபடத்தில் கோடும் போட்டு நேரத்தையும் குறிப்பது இருபதாம் நிமிடத்துக்குப் பிறகு ஆசிரியையால் இயலவில்லை. படிவத்தின் பின்பாதியில் கேள்விகள் எண்ணிக்கையாக மட்டுமே உள்ளன, வாசகம் இல்லை. கைப்பேசியில் ஒலிப்பதிவு செய்யும் யோசனை, பிள்ளைகளின் குரல் பதிவு எங்கே போகும் என்ற கேள்வியால் கைவிடப்பட்டது. எனவே வரைபடமும் நோட்டுப் படியெடுப்பும் நிலையாக இருக்கும், வாசகம் எழுதுவது முதல் பதினைந்து நிமிடத்துக்கு மட்டும் என்று மாற்றியிருக்கிறோம்.

வேறு பாட ஆசிரியர் உற்றுநோக்கும்போது, அன்றைய கணக்கில் மாணவர்கள் எழுதக்கூடிய தவறான விடைகளையும் அவை எதனால் வரும் என்பதையும் பாட ஆசிரியர் முன்கூட்டியே படிவத்தில் எழுதித்தர ஓர் இடம் சேர்க்கப்பட்டுள்ளது. எழுதித்தர உட்காரும்போதே பாடக்குறிப்பை மாற்றிவிட்டதாகக் கணித ஆசிரியர் சொன்னார்.

பிறகு அவர் அறிவியல் ஆசிரியையின் வகுப்பில் அமர்ந்தார். அன்று சோதனை செய்து காட்டும் பாடம். பிள்ளைகள் மேசையைச் சுற்றி எழுந்து நின்றுவிட்டதால் இருக்கை வரைபடம் ஐந்தாவது நிமிடமே பயனற்றுப்போனது. அத்தகைய பாடங்களுக்கு எதைப் பதிவு செய்வது என்பதை இருவரும் இன்னும் வகுத்து முடிக்கவில்லை. சோதனைக்கு முன் 'என்ன நடக்கும்' என்று ஒவ்வொருவரும் ஒரு வரி எழுதி வைக்கும் தாளையே ஆறு நோட்டுகளுக்குப் பதிலாகப் படியெடுக்கலாம் என்பது இப்போதைக்கு அவர்கள் கையில் உள்ள யோசனை.